கலப்பெண் பெருக்கல்: புள்ளி தவறான இடத்தில் விழுந்தால் எங்கே தேடுவது

கலப்பெண்களைப் பெருக்கும்போது வரும் தவறுகள் பெரும்பாலும் ஏனோதானோவென்று வருவதில்லை. ஒவ்வொரு தவறும் விடைப்புள்ளியைத் தளத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. சில தவறுகள் நீளத்தைக் கெடுக்கும், சில திசையை மட்டும் கெடுக்கும், சில விடையை ஆதிப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைக்கும். புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே எந்த வரியில் பிசகியது என்று சொல்லிவிடலாம். கீழே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு கட்டத்தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதலில்: புள்ளி எங்கே விழ வேண்டும்?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். பின்னால் வரும் எல்லாச் சோதனைகளும் இதிலிருந்துதான் வருகின்றன.

z = 3 + i, w = 1 + 2i என்று வைத்துக்கொள்வோம். வழக்கம்போல் பெருக்கினால்

zw = 3 + 6i + i + 2i² = 1 + 7i

விடை சரி. ஆனால் (3, 1), (1, 2) என்ற இரண்டு புள்ளிகளும் சேர்ந்து ஏன் (1, 7) என்ற இடத்தைக் காட்டின? இதைப் பார்க்க w-ஐ மட்டும் பிரித்து எழுதுங்கள்:

zw = z(1 + 2i) = 1·z + 2·(iz)

இப்போது iz என்ன என்று கண்டுபிடித்தால் போதும். i(3 + i) = −1 + 3i. ஆதியிலிருந்து (3, 1)-க்குப் போகும் கோட்டின் சாய்வு 1/3. (−1, 3)-க்குப் போகும் கோட்டின் சாய்வு −3. இரண்டின் பெருக்கல் −1, எனவே அவை செங்குத்து. நீளம் இரண்டுக்கும் √10. அதாவது i-ஆல் பெருக்கினால் நீளம் மாறாமல் கோடு கடிகார எதிர்த்திசையில் 90° திரும்புகிறது. எந்த x + iy-க்கும் இதுதான் நடக்கும், ஏனென்றால் (x, y) எப்போதும் (−y, x) ஆகிறது.

w என்ற புள்ளிக்குச் சாதாரணமாக எப்படிப் போகிறோம்? கிழக்கே 1 அடி, வடக்கே 2 அடி. zw-க்குப் போகவும் அதே வழிதான்: 1 அடி, அப்புறம் இடப்பக்கம் திரும்பி 2 அடி. வித்தியாசம் என்னவென்றால், இப்போது ‘கிழக்கு’ என்பது z-இன் திசை, ‘வடக்கு’ என்பது iz-இன் திசை, ‘ஒரு அடி’ என்பது √10 நீளம். z-இலிருந்து தொடங்கி இரண்டு முறை (−1, 3) நகருங்கள்: (3, 1), (2, 4), (1, 7). வந்துவிட்டோம்.

இதன் பொருள், கட்டத்தாள் முழுவதையும் ஆதியில் ஒரு ஊசி குத்திப் பிடித்துக்கொண்டு, 1 என்ற புள்ளி z-இன் மேல் வந்து உட்காரும்வரை திருப்பி, நீட்டுகிறோம். அப்போது w எங்கே போய் நிற்கிறதோ அதுதான் zw. ஆகவே 0, 1, w என்ற முக்கோணமும் 0, z, zw என்ற முக்கோணமும் வடிவொத்தவை. நீளங்கள் பெருகுவதும் கோணங்கள் கூடுவதும் இந்த ஒரே படத்தின் இரண்டு பக்கங்கள். w ஏற்கெனவே கிடைமட்டத்திலிருந்து 63.43° திரும்பியிருக்கிறது. தாள் மேலும் 18.43° திரும்புகிறது. மொத்தம் சுமார் 81.87°. 1 + 7i-இன் வீச்சைக் கணக்கிட்டுப் பாருங்கள், அதேதான்.

முதன்முதலில் இப்படி யோசித்து எழுதியவர் கணிதப் பேராசிரியர் அல்ல, நில அளவையாளர். நார்வேயில் பிறந்த காஸ்பர் வெஸ்ஸல், 1797-இல் டேனிஷ் அறிவியல் கழகத்தில் இதைக் கட்டுரையாக அளித்தார். 1799-இல் அது டேனிஷ் மொழியில் அச்சானது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் வெளியுலகம் அதைக் கவனிக்கவில்லை. 1806-இல் பாரிஸில் ஆர்கன் தனியாக இதே எண்ணத்துக்கு வந்தார், அதனால்தான் நம் பாடத்தில் இந்தத் தளத்துக்கு அவர் பெயர். நாள் முழுக்கத் திசையும் தூரமும் அளந்துகொண்டிருந்த ஒருவருக்கு இது முதலில் தோன்றியதில் எனக்கு வியப்பில்லை.

அறிகுறி 1: விடையின் நீளமே பொருந்தவில்லை

பெருக்கி முடித்தவுடன் செய்ய வேண்டிய சோதனை இது. அரை நிமிடம் போதும். மட்டு மதிப்பை எடுக்காதீர்கள், அதன் வர்க்கத்தை எடுங்கள், வர்க்கமூலத் தொல்லை இருக்காது. |z|² = 9 + 1 = 10, |w|² = 1 + 4 = 5. எனவே விடையின் மட்டு வர்க்கம் 50 ஆக வேண்டும். 1 + 49 = 50. சரி.

உங்களுக்கு 5 + 7i வந்திருந்தால் 25 + 49 = 74. i² = −1 என்பதை மறந்து, 2i²-ஐ +2 என்று கூட்டியிருக்கிறீர்கள். இந்தத் தவறில் கற்பனைப் பகுதி சரியாக இருக்கும், மெய்ப்பகுதி மட்டும் கெட்டிருக்கும். அதுவே அடையாளம்.

3 + 2i வந்திருந்தால் 9 + 4 = 13. மெய்யை மெய்யோடும் கற்பனையைக் கற்பனையோடும் தனித்தனியாகப் பெருக்கியிருக்கிறீர்கள். கூட்டலில் அப்படிச் செய்யலாம், அதனால் கை தானாகவே பெருக்கலிலும் அதைச் செய்துவிடுகிறது. இந்த முறை ஏன் உதவாது என்பதற்குப் பெரிய நிரூபணம் தேவையில்லை. 3-ஐயும் i-ஐயும் இப்படிப் பெருக்கிப் பாருங்கள். (3, 0), (0, 1) இரண்டையும் தனித்தனியாகப் பெருக்கினால் (0, 0) வரும். பூச்சியமல்லாத இரண்டு எண்களைப் பெருக்கிப் பூச்சியம் பெற்றுவிட்டோம். தாளைத் திருப்ப வேண்டிய பெருக்கல், தாளை ஒரே கோடாக நசுக்கிவிட்டது.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. 7 + i என்று இடம் மாற்றி எழுதினாலும் 50 வரும். −1 + 7i என்று குறியை மாற்றினாலும் 50 வரும். நீளச் சோதனை, விடை சரியான வட்டத்தின் மேல் இருக்கிறதா என்று மட்டும் சொல்கிறது. அந்த வட்டத்தில் எந்த இடம் என்று சொல்வதில்லை. அதற்குக் கோணம் வேண்டும்.

அறிகுறி 2: நீளம் சரி, ஆனால் புள்ளி கடிகாரத் திசையில் திரும்பியிருக்கிறது

அதே z, w-க்கு 5 − 5i வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 25 + 25 = 50, நீளச் சோதனையில் தேறிவிடும். ஆனால் புள்ளி நான்காம் கால்பகுதியில் இருக்கிறது. z, w இரண்டும் முதல் கால்பகுதியில் இருக்கும்போது வீச்சுகளின் கூடுதல் 0°-க்கும் 180°-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். எனவே விடை கிடைமட்ட அச்சுக்குக் கீழே போகவே கூடாது. கணக்கு எதுவும் போடாமலே தவறு என்று தெரிகிறது.

என்ன நடந்தது? வினாவில் இருந்த 1 + 2i-ஐ 1 − 2i என்று எழுதிப் பெருக்கியிருக்கிறீர்கள். w-க்குப் பதில் அதன் இணை எண்ணால் பெருக்கினால் நீளம் அப்படியே இருக்கும், கோணம் கூடுவதற்குப் பதில் கழியும்: 18.43° − 63.43° = −45°. விடையில் ‘கழிந்த கோணம்’ தெரிந்தால் இணை எண் எங்கோ நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

இதை நினைவில் வைத்தால் வகுத்தலும் எளிதாகிவிடும். z/w கண்டுபிடிக்க மேலும் கீழும் இணை எண்ணால் பெருக்கச் சொல்வது ஏன்? தொகுதியில் கோணத்தைக் கழிக்கும் வேலையை இணை எண் செய்கிறது. பகுதியில் |w|² = 5 வந்து நீளத்தைச் சரிசெய்கிறது. (5 − 5i)/5 = 1 − i. நீளம் √2, அதாவது √10/√5. கோணம் −45°. தாளை எதிர்ப்பக்கம் திருப்பி, நீட்டியதைச் சுருக்குவதுதான் வகுத்தல்.

அறிகுறி 3: விடை, ஆதிக்கு நேர் எதிர்ப்பக்கம் விழுகிறது

துருவ வடிவத்தில் பெருக்கும்போது மிக அதிகமாக வரும் தவறு இது. செவ்வக வடிவத்தில் பெருக்கினால் ஒரு விடை, துருவ வடிவத்தில் பெருக்கினால் அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. எண்கள் எல்லாம் ஒன்றே, குறிகள் மட்டும் தலைகீழ்.

z = −1 + i√3, w = √3 + i என்று எடுத்துக்கொள்வோம். செவ்வக வடிவத்தில்

zw = −√3 − i + 3i + √3·i² = −2√3 + 2i

இப்போது துருவ வடிவம். இரண்டின் மட்டு மதிப்பும் 2. w-இன் வீச்சு 30°. z-இன் வீச்சுக்கு tan⁻¹(√3/−1) = tan⁻¹(−√3) = −60° என்று எழுதுகிறோம். கூட்டினால் −30°. எனவே விடை 4(cos(−30°) + i sin(−30°)) = 2√3 − 2i. முன்னால் வந்ததன் சரியான எதிர்க்குறி.

z எங்கே இருக்கிறது என்று தாளில் குறித்துப் பாருங்கள். மெய்ப்பகுதி −1, கற்பனைப் பகுதி √3. இடப்பக்கம் மேலே, இரண்டாம் கால்பகுதி. −60° என்பதோ வலப்பக்கம் கீழே. y/x என்று வகுத்த அந்தக் கணத்தில் ஒரு தகவல் தொலைந்துவிட்டது. (−1, √3)-க்கும் (1, −√3)-க்கும் y/x ஒன்றேதான். tan⁻¹-க்கு இரண்டில் எது என்று தெரிய வழியில்லை. அது எப்போதும் −90°-க்கும் 90°-க்கும் இடையிலுள்ள கோணத்தையே தரும், அதாவது வலப்பாதியில் இருக்கும் புள்ளியையே நினைத்துக்கொள்ளும். உங்கள் புள்ளி இடப்பாதியில் இருந்தால் கோணம் சரியாக 180° பிசகும். 180° திருப்புவதும் −1-ஆல் பெருக்குவதும் ஒன்றே, அதனால்தான் விடை முழுவதும் எதிர்க்குறியில் வந்து நிற்கிறது.

சரிசெய்யும் முறை: குறியை முதலில் மறந்துவிடுங்கள். α = tan⁻¹(|y|/|x|) என்ற குறுங்கோணத்தைக் கண்டுபிடியுங்கள். இங்கே α = 60°. பிறகு புள்ளியைத் தாளில் வைத்துப் பார்த்து, முதல் கால்பகுதியானால் α, இரண்டாவதானால் 180° − α, மூன்றாவதானால் α − 180°, நான்காவதானால் −α. z-க்கு 120° கிடைக்கிறது. 120° + 30° = 150°. 4(cos 150° + i sin 150°) = −2√3 + 2i. பொருந்திவிட்டது.

நான்கு விதிகளை மனப்பாடம் செய்வதைவிடப் புள்ளியை வரைந்து பார்ப்பதையே நான் சொல்வேன். விதிகள் தேர்வு அவசரத்தில் கலந்துவிடும், படம் கலக்காது. x = 0 என்றால் வகுக்கவே முடியாது. அப்போதும் படத்தைப் பார்த்து 90° அல்லது −90° என்று எழுதிவிடலாம்.

கணினி அறிவியலில் பைத்தான் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் திரையிலேயே பார்க்கலாம்:

```
import math, cmath
z = complex(-1, math.sqrt(3))
print(math.degrees(math.atan(z.imag / z.real)))
print(math.degrees(cmath.phase(z)))
```

முதல் வரி −60-ஐயும் அடுத்தது 120-ஐயும் காட்டும். கடைசித் தசமத்தில் சிறிது பிசகலாம், கவலைப்பட வேண்டாம். `phase` இரண்டு பகுதிகளையும் தனித்தனியாக வாங்கிக்கொள்கிறது, வகுத்துத் தகவலை இழப்பதில்லை. அதுதான் வித்தியாசம்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தவறு சில கணக்குகளில் ஒளிந்துகொள்ளும். இடப்பாதியில் இருக்கும் இரண்டு எண்களைப் பெருக்கினால் இரண்டிலும் 180° பிசகும், மொத்தம் 360°, எனவே விடை சரியாகவே வரும்! இதே z-ஐ வர்க்கப்படுத்திப் பாருங்கள்: தவறான வழியில் −60° − 60° = −120°. சரியான வழியில் 240°. இரண்டும் ஒரே திசை. எனவே ஒரு கணக்கில் விடை சரியாக வந்தது என்பதால் வீச்சு கண்டுபிடிக்கும் முறை சரி என்று நினைக்க வேண்டாம். ஒரு எண் இடப்பாதியிலும் மற்றொன்று வலப்பாதியிலும் இருக்கும் கணக்கை வைத்துச் சோதியுங்கள்.

அறிகுறி 4: நான் 240° என்கிறேன், விடைப்பகுதி −120° என்கிறது

இது தவறே அல்ல, பாதி வேலை மீதமிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு திசைக்கு எத்தனையோ வீச்சுகள் உண்டு, 360° கூட்டினாலும் கழித்தாலும் அதே திசை. முதன்மை வீச்சு என்று கேட்டால் −180°-ஐவிடப் பெரியதாகவும் 180°-க்கு மிகாமலும் உள்ள ஒன்றை எழுத வேண்டும். இரண்டு முதன்மை வீச்சுகளைக் கூட்டும்போது இந்த எல்லையைத் தாண்டிவிடலாம், அப்போது ஒருமுறை 360° கழித்தோ கூட்டியோ உள்ளே கொண்டுவாருங்கள். 180° வந்தால் அப்படியே விடுங்கள். −180° வந்தால் 180° என்று மாற்றுங்கள்.

அறிகுறி 5: சமபக்க முக்கோணம் கேட்டால் வேறு ஏதோ முக்கோணம் வருகிறது

பெருக்கலின் வடிவியல் பொருள் புரிந்ததா என்று உண்மையில் சோதிப்பது இந்த வகைக் கணக்குத்தான். ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதில் வரும் தவறுகளையும் அதிலேயே பார்ப்போம்.

A = 1 + 2i, B = 5 + 4i. AB-ஐ ஒரு பக்கமாகக் கொண்ட சமபக்க முக்கோணத்தின் மூன்றாம் முனை C எங்கே? AB² = 4² + 2² = 20. எனவே AC², BC² இரண்டும் 20 ஆக வர வேண்டும். இந்த எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள், நம் அளவுகோல் அதுதான்.

A-ஐ மையமாக வைத்து B-ஐ 60° திருப்பினால் C கிடைக்கும். 60° திருப்பும் எண் p = 1/2 + i√3/2. முதலில் தோன்றுவது pB-ஐக் கணக்கிடுவது. அது தவறு. பெருக்கல் தாளை எப்போதும் ஆதியைச் சுற்றியே திருப்புகிறது, ஊசி ஆதியில்தான் குத்தியிருக்கிறது. பெருக்கலுக்கு A என்று ஒரு புள்ளி இருப்பதே தெரியாது.

எனவே மூன்று படிகள் வேண்டும். A-ஐ ஆதிக்கு நகர்த்த வேண்டும், திருப்ப வேண்டும், திரும்ப நகர்த்த வேண்டும்:

B − A = 4 + 2i
p(4 + 2i) = (2 − √3) + i(1 + 2√3)
C = A + p(B − A) = (3 − √3) + i(3 + 2√3)

தோராயமாக C = 1.268 + 6.464i. சோதனை: A-இலிருந்து தூர வர்க்கம் 0.268² + 4.464² ≈ 0.07 + 19.93 = 20. B-இலிருந்து 3.732² + 2.464² ≈ 13.93 + 6.07 = 20. சரி.

இப்போது தவறான விடைகள் எப்படி இருக்கும்?

மூன்றாம் படியை மறந்தால் விடை (2 − √3) + i(1 + 2√3) என்று நிற்கும். முக்கோணத்தின் வடிவமும் அளவும் சரி, ஆனால் அது ஆதியில் உட்கார்ந்திருக்கும். ஆதியிலிருந்து விடைக்குத் தூர வர்க்கம் 20 என்று வந்தும் A-இலிருந்து 20 வராவிட்டால் A-ஐத் திரும்பக் கூட்ட மறந்துவிட்டீர்கள்.

இன்னொன்று பாடத்திலிருந்தே வரும் குழப்பம். ஒன்றின் முப்படி மூலங்களைப் படித்தபின் ω என்றாலே சமபக்க முக்கோணம் என்று மனத்தில் பதிந்துவிடும். 1, ω, ω² மூன்றும் சமபக்க முக்கோணத்தின் முனைகள்தான். ஆனால் ω = −1/2 + i√3/2 திருப்புவது 120°, 60° அல்ல. முக்கோணத்தின் நடுப்புள்ளியிலிருந்து பார்த்தால் முனைகள் 120° விலகியிருக்கும். ஒரு முனையிலிருந்து மற்ற இரண்டையும் பார்த்தால் 60° விலகியிருக்கும். நம் கணக்கில் சுழற்சி மையம் முனையான A. அங்கே ω-ஐப் போட்டால் என்ன ஆகும்? AC² = 20 என்று சரியாகவே வரும், ஆனால் BC² = 60 வரும். ஒரு பக்க வர்க்கம் மற்றவற்றைப் போல் மூன்று மடங்கு என்றால் இதுதான் காரணம். AC-ஐ மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தியவர்களுக்கு இது தெரியவே தெரியாது, இரண்டு பக்கங்களையும் சோதியுங்கள்.

உங்கள் விடை (3 + √3) + i(3 − 2√3) என்று வந்திருந்தால் பதற வேண்டாம். அது −60° திருப்பிய முக்கோணம், AB-இன் மறுபக்கத்தில் இருக்கும், அதுவும் சரியான விடையே. எந்தப் பக்கம் என்று வினா சொல்லாவிட்டால் இரண்டையும் எழுத வேண்டும்.

இதே A, B-ஐ வைத்துச் சதுரம் கேட்டாலும் முறை மாறாது. 90° திருப்ப i. D = A + i(4 + 2i) = 1 + 2i − 2 + 4i = −1 + 6i. A-க்கு எதிர்முனை வேண்டுமானால் 1 + i-ஆல் பெருக்குங்கள்: (4 + 2i)(1 + i) = 2 + 6i, எனவே எதிர்முனை 3 + 8i. 1 + i தாளை 45° திருப்புவதோடு √2 மடங்கு நீட்டவும் செய்கிறது. மூலைவிட்டம் பக்கத்தைப் போல் √2 மடங்கு என்பதால் இங்கே அந்த நீட்சி நமக்கு வேண்டியதுதான். ஆனால் ‘45° திருப்பு’ என்று மட்டும் கேட்ட கணக்கில் 1 + i-ஐப் போட்டால் விடை √2 மடங்கு தள்ளிப்போய்விடும். அங்கே (1 + i)/√2 வேண்டும். திருப்ப மட்டும் வேண்டுமானால் பெருக்கும் எண்ணின் மட்டு மதிப்பு 1 ஆக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அறிகுறி 6: டி மாய்வர் தேற்றத்தைப் போட்டும் விடை தவறு

மட்டு 1 உள்ள எண்ணை மறுபடி மறுபடி பெருக்குவது என்றால் ஒரே கோணத்தை மறுபடி மறுபடி திருப்புவது. டி மாய்வர் தேற்றத்தில் இதைத் தாண்டி ஒன்றுமில்லை. தவறு வருவது பெரும்பாலும் எண் sin θ + i cos θ என்று கொடுக்கப்படும்போது. பார்ப்பதற்குத் துருவ வடிவம் போலவே இருக்கும், ஆனால் sin, cos இடம் மாறியிருக்கும்.

(sin 20° + i cos 20°)³ கேட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். அவசரத்தில் sin 60° + i cos 60° = √3/2 + i/2 என்று எழுதிவிடுகிறோம். படத்தைப் பாருங்கள். (sin 20°, cos 20°) என்ற புள்ளி, செங்குத்து அச்சிலிருந்து வலப்பக்கம் 20° சாய்ந்திருக்கிறது. வீச்சை அளக்க வேண்டியது கிடைமட்ட அச்சிலிருந்து. அது 70°. மூன்று முறை திருப்பினால் 210°. எனவே விடை cos 210° + i sin 210° = −√3/2 − i/2. அவசர விடைக்கு நேர் எதிர்ப்பக்கம்.

அறிகுறி 3-லும் விடை எதிர்ப்பக்கம்தான் விழுந்தது. இரண்டையும் பிரித்தறிய அடுக்கை மாற்றிப் பாருங்கள். இங்கே அடுக்கு 2 ஆனால் சரியான விடை 140°-இல் இருக்கும். அவசர விடை sin 40° + i cos 40°, அதாவது 50°-இல். இடைவெளி 180° அல்ல, 90°. அடுக்கு 4 ஆனாலும் 90° இடைவெளிதான், ஆனால் எதிர்ப்பக்கமாக. அடுக்கு 5 ஆனால் சரியான விடை 350°-இல், அவசர விடை sin 100° + i cos 100°, அதுவும் −10°, அதாவது அதே 350°. தவறான வழி சரியான விடையைக் கொடுத்துவிட்டது. அடுக்கை 4-ஆல் வகுத்து மீதி 1 வரும்போதெல்லாம் இப்படி நடக்கும். எனவே உங்கள் முறை சரியா என்று பார்க்க 5-ஐயோ 9-ஐயோ வைத்துச் சோதிக்காதீர்கள், 2-ஐ வையுங்கள்.